பட்டைக்குத் தவணை கேட்ட கடிதம்

பட்டை வியாபாரியிடம் நான் கைக்கூலி வாங்கினேன் என்று ஆம்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர் என் அக்கா புருஷன். வேறு யாரும் இல்லை. அவர் சொல்வது பொய். பொய் என்று அவருக்கே தெரியும்.

இதைக் குடும்பத்துக்குள் வைத்துப் பேசியிருக்கலாமே என்று கேட்பவர்கள் தோல் வியாபாரம் அறியாதவர்கள். பச்சைத்தோல் மண்டியில் நாங்கள் வாயால் விலை பேசுவதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்போம். எத்தனை விரல், எத்தனை முறை அழுத்தினோம் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. "நான் அப்படி அழுத்தவில்லை" என்று ஒருவன் மாற்றிச் சொன்னால் அத்தோடு அவன் வியாபாரம் தீர்ந்தது. ஆகவே என் முதல் என்பது என் பெயர். கைக்கூலிப் பேச்சு கிளம்பியதற்குப் பிறகு நான் துண்டை விரித்தால் திருப்பத்தூர்ச் சந்தைக்காரன் சிரிக்கிறான். "பாய், மொதல்ல காச இப்டி வெளிய காட்டு, அப்புறம் கைய உள்ள வுடலாம்" என்கிறான். பாலாற்றங்கரையில் பாதித் தொட்டிகள் என் கைபட்ட தோலால் நிறைந்த காலம் உண்டு. இன்று இந்தப் பேச்சு.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தோல் ஷெட் கூட்டு. இடமும் தொட்டிகளும் மச்சானுடையவை. பச்சைத்தோல் வாங்குவதும் பதமான தோலைப் பட்டணத்துக் கமிஷன் மண்டியில் சேர்ப்பதும் என் வேலை. லாபத்தில் சரிபாதி. கடிதப் போக்குவரத்து மச்சான் கையில் இருந்தது. மூத்தவர் என்பதால்தான், எழுத்தில் இருவரும் ஒன்றும் பெரிய புலி இல்லை.

தோல் பதம் செய்ய வாட்டில் மரத்தின் பட்டை வேண்டும். அது கப்பலில் பட்டணம் வந்து, அங்கே ஒரு செட்டியார் மண்டியிலிருந்து எங்களுக்கு ரயிலில் வரும். செட்டியாரின் ஏற்பாடு இப்படி: மூட்டைகளை ரயிலில் ஏற்றிவிட்டு, ரயில் ரசீதையும், இன்ன தொகை கட்டு என்று எழுதிய உண்டியல் சீட்டையும் வேலூர் பாங்கிக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் உண்டியலுக்கு முழுப்பணம் கட்டினால்தான் பாங்கி ரசீதைக் கொடுக்கும். ரசீது இருந்தால்தான் ஸ்டேஷனில் சரக்கைத் தொடலாம். அதாவது பட்டையைக் கண்ணால் பார்க்கும் முன்பே அவருக்குப் பணம் போய்விடும். எங்களுக்கோ, பச்சைத்தோல் தொட்டியில் இறங்கி, பதமாகி, பட்டணம் போய், கப்பலேறி, லண்டன் ஏலத்தில் விற்று முழுப்பணம் திரும்ப ஐந்து ஆறு மாதம் ஆகும். நடுவில் கமிஷன் மண்டிக்காரர் கொடுக்கும் முன்பணத்தில்தான் மூச்சு விடுவோம்.

லண்டனில் விலை விழுந்த வருஷம் அது. ஒரு லோடு பட்டை ஸ்டேஷனில் வந்து கிடந்தது. உண்டியல் கட்டப் பணம் இல்லை. ஷெட்டில் தோல் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தது. சுண்ணாம்பில் கூடுதல் நாள் கிடந்தால் தோல் தளர்ந்துபோகும். எடுத்துக் கழுவிவிட்டாலோ உடனே பட்டைத் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். ஸ்டேஷனில் தாமதக் கூலி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அக்காவின் காப்பை விற்றுத்தான் மூட்டைகளை எடுத்தோம். அந்த லோடில் இரண்டு மூட்டை ஈரம் வேறு.

அன்று மாலையே மச்சான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து, "படி மாப்ள" என்று நீட்டினார். அதில் இருந்தது இதுதான்:

'நீர் எங்கள் கழுத்தில் காலை வைத்து மிதிக்கிறீர். சரக்கைப் பார்க்கும் முன் பணம் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்? மூட்டையை நனைத்து எடை காட்டுகிறீர். லண்டனில் எங்கள் பணம் மாட்டிக்கொண்டது, கையில் காசு இல்லை. இனி மூன்று மாதத் தவணை தராவிட்டால் வேறு மண்டிக்குப் போவோம். நஷ்டம் உமக்குத்தான்.'

அதில் மிதமிஞ்சிய வார்த்தை ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. செட்டியார் நேரில் நின்றிருந்தால் நான் இதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் பேச்சு காற்றோடு போகும், காகிதம் போகாது. 'கையில் காசு இல்லை' என்று நம் கையெழுத்தோடு ஒரு காகிதம் பட்டணத்துத் தோல் மண்டிகள் இருக்கும் பெரியமேட்டில் நான்கு பேர் கையில் புழங்கினால், அடுத்த நாளே கமிஷன் மண்டிக்காரர் முன்பணத்தைக் குறைப்பார். செட்டியார் காட்டமாட்டார் என்று யார் சொன்னது? நான் யாரையும் நம்புகிறவன் இல்லை.

"மச்சான், இத அனுப்பாதீங்க" என்றேன்.

"ஏன்? எது பொய்?"

"ஒண்ணும் பொய்யில்ல. அதான் பேஜாரு. வேற மண்டின்றீங்க. எல்லா மண்டிக்கும் ஒரே கப்பல்லதான் பட்டை வருது. அவங்க சாயங்காலம் ஒண்ணா ஒக்காந்து வெத்தல போடறவங்க. நாம வேற எவன்கிட்டயும் கேக்கலன்னு செட்டியாருக்கு மறுநாளே தெரிஞ்சிரும்."

"அப்ப நீயே எழுது. நீ எழுதற லட்சணத்தப் பாக்கறேன்."

எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு வரியையும் செட்டியார் எப்படிச் சந்தேகப்படுவார் என்று நினைத்து நினைத்து எழுதினேன். சந்தேகப்படுவதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஈர மூட்டைப் புகாரை எடுத்துவிட்டேன். அது நியாயமான புகார்தான். ஆனால் தவணை கேட்கும் கடிதத்தில் அதை வைத்தால், தவணைக்குப் பதில் சொல்லாமல் ஈரத்துக்குப் பதில் சொல்லிவிட்டு நழுவுவார். அதற்கு வேறு கடிதம், வேறு நாள். பிறகு வேறு மண்டிப் பயமுறுத்தலை எடுத்தேன். காசில்லை என்பதையும் எடுத்தேன். ஆனால் ஸ்டேஷனில் லோடு கிடந்ததை, மச்சான் எழுதாததை, நானே சேர்த்தேன். கூட்ஸ் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும் விஷயத்தை மறைத்தால் மீதி எல்லாமே பொய்யாகிவிடும். கேட்டாலும் தெரியாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

கடைசியில் கடிதம் இப்படி வந்தது:

'தாங்கள் இத்தனை வருஷமாகப் பட்டை அனுப்பி வருகிறீர்கள். ஒரு உண்டியலையும் நாங்கள் கட்டாமல் திருப்பியதில்லை. சென்ற லோடை மட்டும் தாமதமாக எடுத்தோம். அதனால் எங்கள் தோலுக்கும் கேடு, தங்கள் பணமும் தாமதம். பட்டை வந்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் எங்கள் தோல் பட்டணம் சேர்ந்து முன்பணம் வருகிறது. அந்த முன்பணத்தை ஒட்டிப் பாதித் தொகைக்குத் தவணை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறோம். பாதிப் பணம் இப்போது போலவே பாங்கியில் கட்டி, மீதிப் பாதிக்கு இரண்டு மாத உண்டியலில் கையெழுத்துப் போட்டதும் ரசீது தரச் சொல்ல வேண்டும். தவணைப் பாதிக்கு மூட்டைக்கு இரண்டணா கூடுதல் விலை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம். மழை மாதங்களிலும் மாதம் ஒரு லோடு எடுப்போம். மூன்று லோடு பார்க்கலாம். ஒரு உண்டியல் நாள் தவறினாலும் பழைய ஏற்பாட்டுக்கே திரும்புவோம், வாதாட மாட்டோம். இதில் ஒவ்வாதது எதுவோ அதைத் தெரிவித்தால் மாற்றி யோசிக்கச் சம்மதம்.'

மழை மாதம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மழையில் எல்லா ஷெட்டிலும் வேலை குறையும், பட்டை வாங்குவதைக் குறைப்பார்கள். செட்டியார் கிடங்கில் மூட்டை நனைந்து கெடும். அவருக்கு எங்கே வலிக்கிறது என்று தேடித்தான் அந்த வரியை எழுதினேன்.

மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். சுருட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஈரம் எங்க போச்சு?"

"அது தனியா."

"இன்னா தனியா? செட்டியார் மனசு நோவுமோ?"

"தவண வேணுமா, சண்ட வேணுமா மச்சான்?"

சுருட்டை மறுபடி எடுத்தார். பிறகு, "இந்த ரெண்டணா வட்டி தானே?" என்றார்.

அவர் ஐந்து வேளை தவறாதவர். வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். நானும் அப்படித்தான். ஆனால் செட்டியார் தவணைக் காலத்துக்கென்று ஒன்றும் வாங்காமல் சரக்கை விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கையில் கொடுத்தால் ஒரு விலை, தவணையில் ஒரு விலை என்று முதலிலேயே நிர்ணயித்தேன். நாள் தள்ளிப் போனாலும் அந்த விலை ஏறாது. ஏறினால்தானே வட்டி? நாள் தவறினால் ஏற்பாடே போய்விடும் என்று எழுதியதும் அதற்காகத்தான்; செட்டியாருக்கு வேறு பிடி வேண்டுமே.

"எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன். நம்பிக்கை இல்லன்னா ஹஜ்ரத்த கேட்டுட்டு வாங்க" என்றேன்.

போனார். பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டார். அவர் மட்டும்தான் போனார், நான் போகவில்லை. திரும்பி வந்து, "ரெண்டு வெல சொல்லலாமாம். ஆனா எந்த வெலன்னு பேசி முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணுமாம். அப்புறம் ஏத்தக் கூடாதாம். அனுப்பு" என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் அவர், அனுப்பு என்றவர் அவர்.

பதில் கடிதம் வரவில்லை. செட்டியாரின் ஏஜெண்டு வந்தார். காலைப் பாசஞ்சரில் இறங்கி, எங்களிடம் வராமல், கூட்ஸ் ஆபீசுக்குப் போய், டீக்கடைக்குப் போய், எங்கள் தொட்டிக்காரர்கள் இரண்டு பேரிடம் கூலி ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு, வெயில் ஏறியபின் ஷெட்டுக்குள் நுழைந்தார். அவர் போன இடமெல்லாம் எனக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது. நானும் ஆள் விட்டிருந்தேன்.

"சாயபு, இந்தக் கடுதாசி யாரு எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான். இன்னா அதுக்கு?"

"ஒரு திட்டு கூட இல்ல. முதலாளி படிச்சிட்டு ரொம்ப பயந்துட்டாரு."

"திட்டலன்னா பயமா?"

"பின்ன? திட்டி எழுதறவங்க கட்டிருவாங்க சாயபு. மரியாதையா எழுதறவங்கதான் ஒரு நாள் பாத்தா கதவ சாத்திட்டுக் கம்பி நீட்டிருப்பாங்க."

"அப்ப நாலு கெட்ட வார்த்த சேத்து வேற எழுதித் தரேன், எடுத்துட்டுப் போறீங்களா?"

அவர் சிரித்தார். சிரித்தபடியே ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். எத்தனை தொட்டியில் தோல் கிடக்கிறது, எத்தனை காலி என்று எண்ணினார். ஒன்றில் கையை விட்டுப் பட்டைத் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். எங்கே பழைய பட்டையைக் கொண்டே ஓட்டுகிறோமோ என்ற சந்தேகம். நான் பின்னாலேயே நடந்தேன்.

"ஸ்டேஷன்ல கெடந்த லோட நீங்களே எழுதிட்டீங்க. எழுதாம வுட்டிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். அங்கிருந்தே இல்லன்னு பதில் போட்டிருப்போம்" என்றார்.

"அத உங்க முதலாளி கண்டுபுடிப்பாருன்னு எனக்குத் தெரியும்."

"ரெண்டு மாசம் ஆவாது. ஒரு மாசம்."

"ஒரு மாசத்துல என் தோல் இந்தத் தொட்டிய வுட்டு ஏறாது. வாங்க காட்டறேன். ஏறாத தோலுக்கு எவன் முன்பணம் தருவான்? நான் கையெழுத்து போட்டுட்டுத் தவறணும்னுதான் உங்களுக்கு ஆசைன்னா ஒரு மாசம்னு போடுங்க."

யோசித்தார். ஒன்றரை மாதம் என்றார். அதில் நான் சில நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் முடியும். மழை மாத லோடை ஒன்றரையாக எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன். ஒரு லோடு என்றே நின்றது. இரண்டணாவும் நின்றது. மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். கடைசியில் அவர்தான், "பிஸ்மில்லா, சரி" என்றார்.

பகல் சாப்பாட்டுக்கு ஏஜெண்டை என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் கறி சாப்பிடாதவர். எதிர்வீட்டு முதலியார் வீட்டில் சொல்லிச் சாதமும் ரசமும் வாங்கிப் போட்டோம். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு டப்பா பட்டணத்து மிட்டாய் எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அந்த டப்பா பிறகு என்ன பாடு படுத்தியது!

மூன்று லோடும் வந்தன. மூன்று உண்டியலும் நாளில் கட்டினோம். ஏற்பாடு நிலைத்தது. ஸ்டேஷனில் மூட்டை கிடக்கவில்லை, சுண்ணாம்பில் தோல் கெடவில்லை. ஈர மூட்டைக்குத் தனிக் கடிதம் போட்டேன். அடுத்த கணக்கில் அதற்குக் கழித்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் இப்படிப் போனது. அக்காவுக்குப் புதுக் காப்பும் வந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மற்ற ஷெட்காரர்கள் அதே தவணையைச் செட்டியாரிடம் கேட்டார்கள். சிலர் திட்டி எழுதினார்கள், சிலர் மழை மாதத்தில் எடுக்க மாட்டோம் என்றார்கள். அவர் தரவில்லை. அவங்களுக்கு மட்டும் எப்படி என்று துருவினார்கள். இரண்டணா விஷயம் வெளியே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் மண்டியில் கூடியிருந்தபோது, ஒருவர் மச்சானைப் பார்த்துப் பத்துப் பேர் நடுவில் கேட்டாராம்: "இன்னா பாய், எங்களுக்கெல்லாம் வட்டி ஹராம்னு பாடம் நடத்துவீங்க. நீங்க செட்டியாருக்கு ரெண்டணா அளக்கறீங்களாமே?"

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: 'அது வட்டி இல்லை, தவணை விலை. ஹஜ்ரத்திடம் நானே கேட்டேன்.' முடிந்திருக்கும். ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. கேட்டவர்கள் சிரித்தார்களோ என்னவோ. அவருடைய தாடிக்கு இழுக்கு வந்துவிடும் என்று நினைத்தார். சொன்னாராம்: "அந்த ரெண்டணா சமாச்சாரம் எனக்குத் தெரியாது. மாப்ளயும் ஏஜெண்டும் என்னமோ அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவனுக்கும் ஏஜெண்டுக்கும் பேச்சு என்றால் அந்த இரண்டணா யார் பைக்குப் போகிறது? ஊர் கணக்குப் போட்டுவிட்டது. ஏஜெண்டு என் வீட்டில் சாப்பிட்டார். டப்பா கொடுத்தார். டப்பாவில் மிட்டாய்தான் இருந்ததா? ஈரப் புகாரைக் கடிதத்திலிருந்து எடுத்தவன் இவன்தானே? கடிதம் ஏன் அவ்வளவு பணிவாக இருந்தது? எதற்காக எதை எழுதினேனோ அதெல்லாம் எனக்கே சாட்சியாகத் திரும்பியது.

அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"நான் கைக்கூலின்னு சொல்லல மாப்ள. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"தெரியாதா? ஹஜ்ரத்துகிட்ட போனது யாரு?"

"நான் பொதுவா மார்க்க விஷயமா ஒரு மசாலா கேட்டேன். இந்த ரெண்டணாவக் கேட்டேன்னு யாரு சொன்னது?"

"பிஸ்மில்லா சரின்னு சொன்னது யாரு?"

"சத்தம் போடாத. உள்ள உங்க அக்கா இருக்கு."

"இருக்கட்டும். மண்டியில வந்து சொல்லுங்க. ஒரே வார்த்த."

"அடங்கிரும் மாப்ள. ஊரு நாலு நாள் பேசும், அப்புறம் வுட்டுரும்."

அடங்கவில்லை. அடங்க அவர் விடவுமில்லை. யாராவது வட்டிப் பேச்சை எடுத்தால் அவர் என் பெயரை எடுக்கிறார். முதலில் 'தெரியாது' என்றவர், இப்போது 'எனக்கும் அப்பவே சந்தேகம்தான்' என்கிறார். தன் மகளின் மாப்பிள்ளையைக் கூட்டில் சேர்க்க அவருக்கு ஆசை உண்டு என்றும் கேள்விப்படுகிறேன். அது நிஜமா என்று தெரியாது. இப்போது எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான் வருகிறது.

ஹஜ்ரத் மவுத்தாகிவிட்டார். ஏஜெண்டு சொன்னால் ஊர் நம்பாது. கொடுத்தவன் என்று அவரைத்தானே சொல்கிறார்கள். செட்டியார் ரசீதுகளை மண்டியில் விரித்துக் காட்டினேன். தவணைப் பாதிக்கு மூட்டைக்கு இரண்டணா என்று அச்சுப் போட்டாற்போல் இருக்கிறது, முழுத்தொகையும் பாங்கி வழியாகப் போயிருக்கிறது. பார்த்தவர்கள், "அது சரி பாய், அங்கேருந்து உங்களுக்குத் திரும்பி வந்தது இதுல இருக்காதே" என்றார்கள். வராத பணத்துக்கு ரசீது எங்கே போய்க் காட்டுவேன்?

என்னையும் ஏஜெண்டையும் விட்டால் உண்மையை அறிந்தவர் உயிரோடு ஒருவர்தான் இருக்கிறார். அவர்தான் பொய்யும் சொல்கிறார்.

ஆகவே அவருக்கே எழுதுகிறேன், எல்லோரும் படிக்க எழுதுகிறேன். மச்சான், இந்த முறை காகிதத்தில் மரியாதையை அளந்து வைக்கப் போவதில்லை. வரும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் மண்டிக்கு வாருங்கள். ஷெட்காரர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள், நான் முன்னால் நிற்பேன். மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அந்த இரண்டணாவைப் பற்றி ஹஜ்ரத்திடம் கேட்கப் போனது நீங்களா, நானா? கடிதத்தைக் கேட்டுவிட்டு 'அனுப்பு' என்றது யார்? ஏஜெண்டிடம் 'சரி' என்று முடித்தது யார்? தலையாட்டாதீர்கள், தெரியாது என்று சொல்லாதீர்கள். மண்டி நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, வாயால் பதில் சொல்லுங்கள்.